பதினோராவது பிரேக்அவுட்

விலை கடந்த 55 நாட்களின் உச்சத்தைத் தாண்டினால் வாங்க வேண்டும். பிறகு கடந்த 20 நாட்களின் தாழ்வை உடைத்தால் விற்றுவிட்டு வெளியேற வேண்டும். இறங்கும் சந்தைக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். 1983 இறுதியில் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்ஹார்ட்டும் ‘ஆமைகள்’ என்ற பெயரில் ஒரு சிறு குழுவுக்குக் கற்றுக்கொடுத்த இரண்டு முறைகளில், நீண்ட காலத்துக்கானது இது. விதிகள் இன்று எல்லோர் கைக்கும் கிடைக்கின்றன. படித்தவர்களில் பலரையும் பாதியில் துரத்திவிடுவது இடையில் வரும் தொடர் நஷ்டம். அதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆமைகள் எவ்வளவு வாங்குவது என்பதையும் விதியாகவே வைத்திருந்தார்கள். ஒரு சந்தை சராசரியாக ஒரு நாளில் எவ்வளவு ஆடுகிறது என்பதை 20 நாள் கணக்கில் அளந்து, அதை N என்றார்கள். விலை ஒரு N நகர்ந்தால் கணக்கில் 1 சதவீதம் கூடவோ குறையவோ செய்யும் அளவு ஒரு யூனிட். வாங்கிய விலையிலிருந்து 2N கீழே ஸ்டாப் லாஸ். ஆகவே ஒரு யூனிட் தோற்றால் நஷ்டம் 2 சதவீதம்.

10 லட்சம் டாலர் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து பிரேக்அவுட்டும் ஏமாற்றினால் தலா 20,000 வீதம் 1,00,000 டாலர் போகும். 10 சதவீதம் இழந்ததும் கணக்கில் 8 லட்சம்தான் இருப்பதாக எண்ணி வியாபாரம் செய்ய வேண்டும் என்பது ஆமைகளின் விதி. அடுத்த ஐந்தும் தோற்றால் தலா 16,000 வீதம் இன்னும் 80,000. பத்துத் தோல்வி, 1,80,000 டாலர் நஷ்டம். இனி 6,40,000 இருப்பதாகக் கொண்டே அடுத்த ஆர்டரைப் போட வேண்டும்.

பத்து முறை தொடர்ந்து தோற்பது அபூர்வமா? இத்தகைய முறையில் நூறு வியாபாரத்தில் 35 வெற்றி என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட பத்து வியாபாரங்கள் வரிசையாகத் தோற்கும் வாய்ப்பு 1.35 சதவீதம்தான். ஆனால் 300 வியாபாரம் செய்பவருக்கு, எங்காவது ஓரிடத்தில் பத்துப் பதினொன்று வரிசையாகத் தோற்பதுதான் எதிர்பார்க்க வேண்டிய நிலை. பல சந்தைகளில் இயங்குபவருக்கு 300 என்பது சில ஆண்டுகளில் வந்துவிடும்.

இப்போது பதினோராவது பிரேக்அவுட் வருகிறது. ஆர்டர் போடும் நேரத்தில், முந்தைய பத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. இம்முறை விலை நிற்காமல் ஏறுகிறது. ஒவ்வொரு அரை N ஏற்றத்துக்கும் ஒரு யூனிட் சேர்த்து, நான்கு யூனிட்டோடு நிறுத்துகிறீர்கள். முதலில் வாங்கிய விலையிலிருந்து 10N மேலே வெளியேறினால் லாபம் 10, 9.5, 9, 8.5, மொத்தம் 37N. குறைக்கப்பட்ட 6,40,000 கணக்கிலும் அது 2,36,800 டாலர். பத்து நஷ்டத்தையும் அடைத்துவிட்டு மீதியும் இருக்கிறது. ‘இதை மட்டும் விட்டுவிடலாம்’ என்று ஒதுங்கியவருக்கு மிஞ்சுவது அந்தப் பத்து நஷ்டம் மட்டுமே.

இந்தக் கணக்கு தோல்விகளைச் சற்றுச் சாதுவாகக் காட்டுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். விலை ஒன்றரை N ஏறி, நான்கு யூனிட்டும் சேர்ந்த பிறகு திரும்பினால், உயர்த்தி வைத்த ஸ்டாப்பில் வெளியேறினாலும் நஷ்டம் 5 சதவீதம். சந்தை ஸ்டாப்பைத் தாண்டித் திறக்கும் நாளில் அதற்கும் மேல் போகும். கச்சா எண்ணெய், ஹீட்டிங் ஆயில் போல ஒன்றாக ஓடும் சந்தைகளில் ஒரே நாளில் விழும் அடிகளும் உண்டு. அதனால்தான் நெருங்கிய சந்தைகளில் ஒரே திசையில் ஆறு யூனிட்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். விதிகளை வகுத்த டென்னிஸே 1987, 88இல் பெரும் நஷ்டங்களைச் சந்தித்து, தொழிலிலிருந்து சில காலம் ஒதுங்கினார்.

தொடர் நஷ்டத்தின் நடுவே, முறை கெட்டுவிட்டதா என்று எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு நஷ்டத்தையும் எடுத்து, விதி அனுமதித்த அளவுக்குள் முடிந்ததா என்று பாருங்கள். முடிந்திருந்தால் பத்துத் தோல்வியும் முறைக்குள் அடங்கியவை. திரும்பத் திரும்ப யூனிட்டுக்கு 3N, 4N என்று போயிருந்தால் ஸ்டாப்பிலோ, வாங்கிய அளவிலோ, தேர்ந்த சந்தையிலோ கோளாறு இருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை நிறுத்துங்கள்.

ஆமைகளின் 2 சதவீதம் நம்மில் பலருக்கு அதிகம் என்பது என் உறுதியான கருத்து. பத்து நஷ்டத்துக்குப் பிறகு எவ்வளவு பணம் போயிருந்தால் பதினோராவது ஆர்டரைத் தயங்காமல் போட முடியும் என்று முதலில் தீர்மானியுங்கள். அந்தத் தொகையைப் பத்தால் வகுத்தால் வருவதே ஒரு வியாபாரத்தில் நீங்கள் பணயம் வைக்கக்கூடிய தொகை. உங்கள் யூனிட்டை அதிலிருந்து கணக்கிடுங்கள்.