ஸ்டவ் வெடித்தது என்று எழுதினால் முடிந்ததா?

'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற சின்னச் செய்தி ஒரு காலத்தில் தமிழ் நாளிதழ்களில் வாடிக்கையாக வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு காஸ் வந்த பிறகு அது குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் ஒற்றை அறைகளிலும், கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகைகளிலும், சில தள்ளுவண்டிகளிலும் பம்ப் ஸ்டவ் இன்னும் சீறிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே ஏதாவது நடந்துவிட்டால் 'ஸ்டவ் வெடித்தது' என்று எழுதி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். எப்படி வெடித்தது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் தெரியும், ஸ்டவ்வின் பித்தளைத் தொட்டி வெடித்துச் சிதறுவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு: அழுத்தத்தோடு வெளியே பீய்ச்சும் மண்ணெண்ணெய் தீப்பற்றி, எதிரில் குந்தியிருப்பவர் மேல் பாய்கிறது. தொட்டி முழுசாக அப்படியே இருக்கும்.

பம்ப் ஸ்டவ்வில் திரி கிடையாது. தொட்டிக்குள் அடைத்த காற்று எண்ணெயை மேலே தள்ளுகிறது. சூடான பர்னருக்குள் போகும் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் ஊசித் துளை வழியே வந்து நீலமாக எரிகிறது. பர்னர் போதுமான அளவு சூடாகாவிட்டால் வருவது ஆவியல்ல, எண்ணெயேதான். மஞ்சள் தீ ஆளுயரத்துக்கு எழும்புவது அதனால்தான். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்க வேண்டும். பதற்றத்தில் தண்ணீரை ஊற்றுகிறார்கள். எண்ணெய் தண்ணீரின் மேல் மிதந்து தரையெங்கும் தீயோடு பரவுகிறது. ஈரச் சாக்கோ ஒரு சட்டி மணலோ பக்கத்தில் இருந்திருந்தால் போதும்.

தொட்டியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதே என்று வயதானவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்றரை லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். முக்கால் பங்கு எண்ணெய் ஊற்றினால் மேலே 375 மில்லி காற்றுக்கு இடமிருக்கும். ஒரு முறை பம்ப் அடித்தால் சுமார் 15 மில்லி காற்று உள்ளே போகிறது என்று கொண்டால், பத்து முறை அடித்தபின் தொட்டிக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட அரை மடங்குகூடக் கூடாது. அதே தொட்டியைக் கழுத்து வரை நிரப்பி 75 மில்லி இடம் மட்டும் விட்டால், அதே பத்து அடியில் வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு கூடுதல் அழுத்தம் ஏறிவிடும். கை வழக்கம்போலத்தான் அடிக்கிறது. விளைவு ஐந்து மடங்கு. இதோடு நிற்காது. அடுப்பு எரிய எரியத் தொட்டி சூடேறும், எண்ணெய் விரியும். 20 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 28 மில்லி விரிவு வரும். முக்கால் தொட்டியில் அது தெரியவே தெரியாது. நிரம்பிய தொட்டியிலோ மிச்சமிருந்த காற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது விழுங்கிவிடும்.

தீ தணிந்தால் உடனே பம்ப் அடிப்பது அடுத்த பழக்கம். தணிவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுத்தக் குறைவல்ல, நிப்பிளில் கரி அடைத்திருக்கும். அடைத்த துளைக்குப் பின்னால் அழுத்தத்தை ஏற்றிவிட்டு, குனிந்து பின்னைக் குத்தினால் அடைப்பு திடீரென விடுபடும், எண்ணெய் முகத்தில் பீய்ச்சும். தீயை அணைத்து, காற்றை இறக்கி, பர்னர் ஆறியபின்தான் பின் குத்த வேண்டும். ஓயாமல் குத்திக் குத்தித் துளை பெரிதாகிவிட்ட நிப்பிள் மஞ்சளாகப் புகைவிட்டு எரியும். அதை மாற்றத்தான் வேண்டும். பம்ப் கைப்பிடி தானாக மேலே எழும்பினாலோ, பம்ப் குழாயில் எண்ணெய் கசிந்தாலோ, அடியில் உள்ள வால்வு போய்விட்டது என்று அர்த்தம். அந்த ஸ்டவ்வை ஏற்றவே கூடாது. மூடிக்கு வாஷர் இல்லையென்று சைக்கிள் டியூபை வெட்டிப் போடுகிறார்கள். அந்த ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறி உப்பிக் கூழாகிவிடும். தெருவோடு கூவிக்கொண்டு வந்த ஸ்டவ் ரிப்பேர்காரர்கள் இருந்தவரை இதற்கெல்லாம் ஒரு கை இருந்தது. இன்று தேடினாலும் கிடைப்பதில்லை. இது ஒன்றே ஸ்டவ்வைக் கைவிடப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

எரியும் ஸ்டவ்வில், அல்லது அணைத்த சூட்டோடு, எண்ணெய் ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. மூடியைத் திருகியதும் காற்றோடு எண்ணெய்த் துளிகளும் பனிபோல் வெளியேறும், பக்கத்தில் பர்னர் இன்னும் தகித்துக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் சாதாரண வெப்பத்தில் எளிதில் பற்றாது என்ற நம்பிக்கை இங்கே உதவாது. அது பற்றத் தகுந்த ஆவியை விடத் தொடங்கும் வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது இந்தியத் தரவிதி; கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்த வெப்பம் காலை பத்து மணிக்கே வந்துவிடும். பெட்ரோல் வாங்கிய கேனிலேயே மண்ணெண்ணெயும் வாங்கினால், அடியில் தங்கிய பெட்ரோலும் கலந்து ஆபத்து பல மடங்காகிறது.

இதில் யார் யாருக்கு வேலை இருக்கிறது? முதலில் காவல்துறைக்கு. தொட்டி கிழிந்திருக்கிறதா, மூடி திறந்திருந்ததா, எண்ணெய் எவ்வளவு மிச்சம், நிப்பிள் அடைத்திருக்கிறதா என்று பார்த்து எழுத ஒரு மணி நேரம் போதும். திருமணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது, அங்கே இந்த விவரங்கள் இரட்டிப்பாகத் தேவை. தொட்டியும் மூடியும் திருகும் ஒழுங்காக இருக்க, பெண் மட்டும் தலையிலிருந்து எரிந்திருந்தால் 'வெடித்தது' என்ற சொல்லை யாரும் ஏற்கக்கூடாது. பத்திரிகைகள் அந்த விவரத்தைக் கேட்டு வாங்கி அச்சிட வேண்டும்.

அடுத்தது வீட்டு உரிமையாளர். ஒற்றை அறை வாடகைக்காரர் ஸ்டவ்வை விடாததற்குப் பல நேரம் இவர்தான் காரணம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பல இடங்களில் அந்தச் சலுகை வாடகைக்காரரைச் சேர்வதில்லை. சப் மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வைத்ததே விலை. இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரையிலிருந்து இரண்டு யூனிட் ஆகும். அதற்குத் தாங்கும் 16 ஆம்பியர் பிளக்கும் சரியான வயரிங்கும் போட்டுக் கொடுத்து, நியாயமான கட்டணம் வாங்கினால் பாதிப் பேர் மாறிவிடுவார்கள்.

முகவரிச் சான்று இல்லாதவர்களுக்காகவே ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் இருக்கிறது. அடையாள அட்டை ஒன்றைக் காட்டினால் போதும். மானியம் கிடையாது, கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் விலை அதிகம் என்பது உண்மையான குறை. தொழிலாளர்களைக் கொட்டகையில் தங்கவைக்கும் ஒப்பந்ததாரர் அந்த வித்தியாசத்தை ஏற்பது பெரிய தொகையல்ல. சிலிண்டரும் சாதுவல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை டியூபை மாற்ற வேண்டும், நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் அதைக் கொடுக்கும்போதே வாங்குபவருக்குப் புரியும் மொழியில் சொல்லித் தர வேண்டும், அது இந்தியானாலும் ஒடியாவானாலும்.

புது அடுப்பு வந்ததும் பழைய ஸ்டவ்வை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நல்ல மனசோடுதான் கொடுக்கிறோம். தேய்ந்த வாஷரும் பெரிதான நிப்பிளும் அதோடு சேர்ந்தே அவர் வீட்டுக்குப் போகின்றன. நிப்பிளைக் கழற்றி எறிந்துவிட்டு, தொட்டியைப் பழைய பித்தளைக்குப் போட்டு, வரும் காசை அவர் கையில் கொடுங்கள்.