ஜெராக்ஸ் அண்ணனுக்கு ஒரு லோன் ஃபைல்!

திருவான்மியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம், வாடகைக் கடையில ஜெராக்ஸ் போடுற ஒரு அண்ணன்னு வச்சுக்குவோம். பழைய மெஷின் தினமும் மக்கர் பண்ணுது. புதுசு 1,20,000 ரூபாய். கந்துவட்டிக்காரர்கிட்ட போகாம, 2015-ல ஆரம்பிச்ச முத்ரா திட்டத்துல பேங்க் கடன் கேட்கப் போறார். அதுல 50,000 வரைக்கும் ‘சிசு’, அதுக்கு மேல 5 லட்சம் வரைக்கும் ‘கிஷோர்’. நம்ம அண்ணன் கிஷோர் கேஸ். சொத்து அடமானம் கிடையாது. ஸோ, அவருக்காகப் பேச வேண்டியது பேப்பர்கள்தான். பேனாவை எடுங்க பாஸ், ஒண்ணொண்ணா டிக் அடிக்கலாம்!

☐ ஆதார், பான், 2 போட்டோ: ரெண்டு கார்டுலயும் பேர் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஆதார்ல வெறும் இனிஷியல், பான்ல அப்பா பேர் முழுசா... நம்ம ஊர்ல இது சகஜம். வித்தியாசம் இருந்தா, அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடியே திருத்திடணும்.

☐ கடை இருக்குங்கிறதுக்கு ஆதாரம்: வாடகை ஒப்பந்தம், மாநகராட்சி தொழில் உரிமம். ஒப்பந்தம் முடிஞ்சு போயிருந்தா, முதல்ல ஓனர்கிட்ட புதுப்பிக்கணும். ரெண்டுலயும் கதவு எண் ஒரே மாதிரி இருக்கட்டும்.

☐ உத்யம் சான்று: சிறு தொழில்களுக்கான பதிவு. udyamregistration.gov.in தளத்துல இலவசம். காசு கேட்டா அது வேற சைட்னு அர்த்தம், எஸ்கேப் ஆயிடுங்க!

☐ கொட்டேஷன்: மெஷின் விக்கிற கடையோட பேர், மாடல், வரியோட மொத்த விலை எல்லாம் அச்சுல இருக்கணும். துண்டுச் சீட்டுல எழுதினது செல்லாது. கேட்கிற கடன் தொகை இந்த விலையைத் தாண்டக் கூடாது.

☐ 6 மாச பேங்க் ஸ்டேட்மென்ட்: இங்கதான் பலருக்கு ஆப்பு. கடையில ஒட்டியிருக்கிற கியூஆர் ஸ்டிக்கர் யாரோட அக்கவுன்ட்? காலேஜ் போற பையனோடதுன்னா, வியாபாரப் பணம் பூரா அங்கே போயிடும். அண்ணனோட ஸ்டேட்மென்ட் காலியா இருக்கும். கடை நல்லா ஓடினாலும் பேங்க் கண்ணுக்கு அது தெரியாது. இன்னிக்கே ஸ்டிக்கரை மாத்தினாலும், 6 மாச கணக்கு சேர 6 மாசம் ஆகும். உங்க வீட்டுலயும் கடை இருந்தா, முதல்ல இதை செக் பண்ணுங்க.

☐ விற்பனைக் கணக்கு, சின்னத் திட்ட அறிக்கை: இந்த வருஷம் இதுவரை எவ்வளவு வித்தது, புது மெஷினால தினம் எத்தனை பக்கம் கூடும், பேப்பர், டோனர், கரன்ட் செலவு போக மிச்சம் என்ன, அதுல மாசத் தவணை அடங்குமா? ஒரு பக்கம் போதும். 2 லட்சத்துக்குக் கீழேங்கிறதால, 2 வருஷ பேலன்ஸ் ஷீட் முத்ரா பட்டியல்படி தேவையில்லை. ஆனாலும் மேனேஜர் கூடுதலா ஏதாவது கேட்கலாம்.

☐ பழைய கடன் விவரம்: டூ வீலர் தவணை பாக்கி இருந்தாக்கூட பேங்குக்குத் தெரிஞ்சிடும். முதல்ல அதைக் கட்டிட்டு, ரசீதை ஃபைல்ல வைங்க.

ஒரிஜினல் கையில, ரெண்டு செட் நகல் ஃபைல்ல. “சார், நான் முடிச்சுத் தர்றேன், கமிஷன் மட்டும் குடுங்க”ன்னு யாராவது வந்தா வேண்டாம். முத்ராவுக்குன்னு ஏஜென்ட் யாருமே கிடையாது. நேரா பேங்க் கிளைக்கே போகலாம். நகல் எடுக்கிற செலவு மட்டும் அண்ணனுக்கு ஃப்ரீ!