சிரப் பாட்டிலில் காணாமல் போகும் புள்ளி! நாய் மருந்து லேபிளைத் தமிழில் படிப்பது எப்படி?

நெய்வேலி நகரியத்தில் ஒரு குவார்ட்டர்ஸ் வீடு. பணி ஓய்வுபெற்ற அப்பா, அம்மா, கூடவே 15 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாய். மகள் புதுச்சேரியில் படிக்கிறாள். மாமரத்தடியில் அணிலைத் துரத்தியதில் நாய்க்குப் பின்னங்காலில் சுளுக்கு. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு வலிக்கான ஒரு சிரப்பை எழுதிக்கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து பாட்டிலைப் பார்த்தால் எல்லாமே பொடி எழுத்து ஆங்கிலம்.

“பாப்பா, டாக்டர் எவ்ளோ ஊத்தணும்னு சொன்னார். பஸ் ஏர்றதுக்குள்ள மறந்துட்டேன். போட்டோ அனுப்புறேன், பார்த்துச் சொல்லும்மா” என்கிறார் அப்பா. நிறைய வீடுகளில் நடக்கக்கூடிய காட்சிதான். இந்த ஒரு போட்டோவில் என்னென்ன தவறலாம் என்று பார்ப்போம்.

போட்டோவிலேயே தொடங்கும் சிக்கல்

பாட்டில் உருண்டை. ஒரே போட்டோவில் லேபிளின் இரண்டு ஓரங்களும் வளைந்து, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, தசமப் புள்ளி தூசி மாதிரி மறைந்துவிடும்.

ஜன்னல் பக்கம் நின்று, பிளாஷ் இல்லாமல், பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மூன்று படங்கள் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் HD தேர்வு செய்தோ, டாக்குமென்டாகவோ அனுப்பினால் புள்ளி தப்பிக்கும்.

மூன்று எண்கள், மூன்று அர்த்தம்

அந்த சிரப் மெலாக்சிகாம் என்று வைத்துக்கொள்வோம். நாய்களின் மூட்டு வலி, தசை வலிக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்து. லேபிளில் மூன்று எண்கள் இருக்கும்.

முதலாவது 1.5 mg/ml. ஒரு மில்லி சிரப்பில் எவ்வளவு மருந்து கலந்திருக்கிறது என்பதை இது சொல்கிறது. இரண்டாவது 0.2 mg/kg. முதல் நாள் மட்டும், நாயின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 0.2 மில்லிகிராம் என்று அர்த்தம். மூன்றாவது 0.1 mg/kg. மறுநாள் முதல் அதில் பாதி போதும்.

போன் கேமராவை லேபிளின் மேல் காட்டினால் தமிழில் மாற்றித் தரும் வசதி இருக்கிறது. வாக்கியங்களுக்கு அது கைகொடுக்கும். எண்களுக்கு அதை நம்பக் கூடாது. மங்கலான படத்தில் 0.2 என்பது 2 ஆகிவிடலாம். ‘முதல் நாள் மட்டும்’ என்ற மூன்று சொற்கள் அடுத்த வரியோடு சேர்ந்து காணாமல் போகலாம். அதனால் சொற்களை மொழிபெயர்ப்பில் படித்தாலும், எண்ணையும் அதற்குப் பக்கத்தில் உள்ள mg, ml, kg என்ற அளவையும் அசல் லேபிளில் இருந்தே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

மகள் செய்ய வேண்டியது இரண்டே படி. முதலில் பெருக்கல், பிறகு வகுத்தல்.

நாயின் எடை 15 கிலோ. முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். இரண்டையும் பெருக்கினால் 3 மில்லிகிராம். இது மருந்தின் அளவு, சிரப்பின் அளவு இல்லை. ஒரு மில்லியில் 1.5 மில்லிகிராம் இருப்பதால், 3-ஐ 1.5-ஆல் வகுத்தால் 2. அதாவது முதல் நாள் 2 மில்லி சிரப். மறுநாள் முதல் அதில் பாதி, 1 மில்லி.

வகுக்கும் படியை விட்டுவிட்டு, 3 மில்லிகிராமை 3 மில்லி என்று எடுத்துக்கொண்டால் நாய்க்கு ஒன்றரை மடங்கு போகும். புள்ளி மறைந்து 0.2 என்பது 2 ஆகியிருந்தால், இதே கணக்கில் 20 மில்லி வரும். பத்து மடங்கு! இந்த வகை வலி மருந்து அளவு மீறினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பாதிக்கப்படும். வாந்தி, சாப்பிட மறுப்பது, கறுப்பாக மலம் போவது ஆகியவை எச்சரிக்கை. பார்த்தவுடன் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

15 கிலோ நாய்க்கு 20 மில்லி என்று வந்தால் ஒரு சின்ன பாட்டிலே ஒன்றிரண்டு நாளில் காலியாகிவிடும். விடை அப்படி வந்தால், எங்கோ புள்ளி தொலைந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். கணக்குச் சரியாக வந்தாலும், டாக்டருக்கு ஒரு போன் போட்டு “முதல் நாள் 2 மில்லி, அப்புறம் 1 மில்லி, சரிதானே?” என்று கேட்டுவிட்டு ஊற்றுவது நல்லது. எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

எடையையும் கண்ணால் மதிப்பிடக் கூடாது. அப்பா தனியாக எடை மெஷினில் ஏறி நின்று, பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நாயின் எடை. அளப்பதற்கு ஸ்பூன் வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்ச் போதும். ஊற்றும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். இதே மருந்து பூனைகளுக்கு 0.5 mg/ml என்ற குறைந்த அடர்த்தியிலும் வருகிறது. பக்கத்து வீட்டுப் பூனையின் பாட்டிலை வாங்கி ஊற்றினால் மொத்தக் கணக்கும் மாறிவிடும்.

தீவனப் பையில் ‘ஒரு நாளைக்கு’

உலர் தீவனப் பையின் பின்னால் எடைவாரியாக ஓர் அட்டவணை இருக்கும். உதாரணமாக, 15 கிலோ நாய்க்கு 200 கிராம் என்றால், அது ‘பெர் டே’, அதாவது நாள் முழுக்கச் சேர்த்து. காலை 100, இரவு 100. மொழிபெயர்ப்பில் தலைப்பு வரி விடுபட்டு, வேளைக்கு 200 என்று புரிந்துகொண்டால் நாய் இரண்டு மடங்கு சாப்பிட்டுக் குண்டாகிவிடும்.

குட்டிகளுக்கான பையில் இன்னொரு பொறி இருக்கிறது. பல அட்டவணைகளில் உள்ள எடை, குட்டியின் இன்றைய எடை இல்லை. வளர்ந்த பிறகு எவ்வளவு இருக்கும் என்ற எடை. பக்கத்தில் மாதக் கணக்கில் வயது இருந்தால், அது அந்த வகை அட்டவணை என்று தெரிந்துகொள்ளலாம்.

‘கூல் பிளேஸ்’ என்றால் ஃப்ரிட்ஜா?

அம்மாவின் கேள்வி இது. “குளிர்ந்த இடத்தில் வைக்கவும்னு போட்டிருக்கே, ஃப்ரிட்ஜ்ல வெச்சிடட்டுமா?”

வேண்டாம். இந்திய மருந்துத் தரநூலில் ‘கூல்’ என்றால் 8 முதல் 25 டிகிரி வரை. ஃப்ரிட்ஜைக் குறிப்பது 2 முதல் 8 டிகிரி. லேபிளில் அந்த எண் இருந்தால் மட்டும்தான் ஃப்ரிட்ஜ். ‘30 டிகிரிக்கு மேல் வேண்டாம்’ என்றிருந்தால், அடுப்பங்கரையும் ஜன்னல் ஓரமும் கூடாது. வெயில் படாத உள்அறை அலமாரி சரி. பாட்டிலைத் திறந்த தேதியை மார்க்கரில் எழுதிவைப்பது அவசியம். திறந்த பிறகு எத்தனை நாள் என்பது காலாவதித் தேதியிலிருந்து தனியாக அச்சிடப்பட்டிருக்கும்.

தீவனத்துக்கும் வெயில்தான் எதிரி. 27 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. மே மாத நெய்வேலியில் ஃபேன் மட்டும் உள்ள வீட்டில் அது நடக்காது. அதனால் கோடையில் பெரிய மூட்டை வாங்காமல் சின்னப் பையாக வாங்குவதே வழி. டப்பாவில் கொட்டாமல், பையோடு டப்பாவுக்குள் வைத்து வாயைக் கிளிப் போட்டு மூடலாம். அப்போது பேட்ச் எண்ணும் தேதியும் தொலையாது. காறல் வாடை அடித்தால் கொழுப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாக ஒன்று. கால்நடை மருந்தின் லேபிளில் ‘மனிதர்களுக்கு அல்ல, விலங்கு சிகிச்சைக்கு மட்டும்’ என்ற வரியும், ஒரு வீட்டு விலங்கின் தலைப் படமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் படத்தைப் படிக்க எந்த மொழியும் வேண்டாம். அது இருக்கும் பாட்டிலை வீட்டு மருந்து டப்பாவில் போடாமல் தனியாக, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.