குறித்த நேரத்திலா, நேரத்தோடா?

ஆங் மோ கியோவில் வசிக்கும் ஒரு பெண்ணுக்கு பலதுறை மருந்தகத்தில் 9.30 மணிக்கு முன்பதிவு. மருத்துவர் அவரை 9.30க்கே அழைத்துவிட்டார். பிறகு அவர் ரயிலேறி, 11 மணிக் கூட்டம் தொடங்குவதற்குள் அலுவலகம் போய்ச் சேர்ந்தார். தமிழில் இரண்டையும் ‘நேரத்துக்கு நடந்தது’ என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் முன்னது ‘ஆன் டைம்’, பின்னது ‘இன் டைம்’.

குறித்த மணிக்கு ஒன்று நடந்தால் ‘ஆன் டைம்’. அங்கே கடிகாரம்தான் அளவுகோல். ஒன்று தொடங்குவதற்கோ முடிவதற்கோ முன்பே போய்ச் சேர்ந்தால் ‘இன் டைம்’. ஐந்து நிமிடம் முன்னதாகப் போனாலும் அரை மணி முன்னதாகப் போனாலும் அதே சொல்தான். நம்மூர்ப் பேச்சில் ‘நேரத்தோடு போய்விட்டேன்’ என்பது இதற்கு நெருங்கி வரும். ‘இன் டைம்’ என்று மட்டும் சொன்னால் கேட்பவர் ‘எதற்கு?’ என்று எதிர்பார்ப்பார். ஆகவே ‘இன் டைம் ஃபார் த மீட்டிங்’ என்று முடிப்பது நல்லது.

‘கடைசியில்’ என்ற சொல்லிலும் இதே சிக்கல்தான். ‘கூட்டத்தின் கடைசியில் கேள்வி கேட்டார்கள்’ என்றால் ‘அட் தி எண்ட் ஆஃப் த மீட்டிங்’. ‘நெடுநேரம் வாதாடினார்கள், கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்’ என்றால் ‘இன் தி எண்ட்’. எழுதுமுன் ‘எதன் கடைசியில்?’ என்று கேட்டுப் பாருங்கள். கூட்டத்தின், மாதத்தின், சாலையின் என்று பதில் வந்தால் ‘அட்’. பதில் வராமல், இத்தனைக்கும் பிறகு விளைந்த முடிவை மட்டும் அது சொன்னால் ‘இன்’. ‘இன் தி எண்ட்’ என்பதற்குப் பின்னால் ‘ஆஃப்’ வராது.

அலுவலக மின்னஞ்சலில் மனத்தாங்கலே உண்டாக்கக்கூடியது ‘பை மிஸ்டேக்’. அவென்யூ 8க்குப் போக வேண்டிய பொட்டலம் அவென்யூ 3க்குப் போய்விட்டது. ‘தவறுதலாக அங்கே அனுப்பிவிட்டோம்’ என்பதே ‘பை மிஸ்டேக்’. வேண்டுமென்று செய்யவில்லை என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. ‘பை’க்கும் ‘மிஸ்டேக்’குக்கும் நடுவே ‘எ’ கூட நுழையாது.

‘உங்கள் தவறால் தாமதமானது’ என்பதை அப்படியே மாற்றி, ‘பை யுவர் மிஸ்டேக்’ என்று எழுதுவோர் உண்டு. அது ஆங்கில வழக்கு அன்று. ‘தவறுதலாக’ என்பது செய்தவரின் எண்ணத்தைச் சொல்கிறது. ‘தவறால்’ என்பது காரணத்தைச் சொல்கிறது. காரணம் சொல்ல ‘பிகாஸ் ஆஃப்’ வேண்டும். ஆனால் ‘பிகாஸ் ஆஃப் யுவர் மிஸ்டேக்’ நேரடிக் குற்றச்சாட்டு. வாடிக்கையாளருக்கு எழுதும்போது, ‘முகவரியில் அவென்யூ 3 என்று இருந்தது’ என நடந்ததை மட்டும் சொன்னால் போதும். பிழை யாருடையது என்பது அவருக்கே விளங்கிவிடும்.