நான்காம் இடம் யாருக்கு?

உலகில் சமத்துவம் மிகுந்த நாடுகளில் இந்தியாவுக்கு நான்காம் இடம் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2025 ஜூலையில் அறிவித்தது. ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பெலாரஸ் மட்டுமே நமக்கு முன்னே நிற்கின்றனவாம். இந்தியாவின் கினி கெழு 25.5, அமெரிக்காவினுடையது 41.8 என்று எண்களும் தரப்பட்டன. கினி குறைந்தால் வருமான ஏற்றத்தாழ்வு குறைவு என்று நம்புகிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 25.5 பொய்யான எண் அல்ல, உலக வங்கி வெளியிட்ட எண்தான். ஆனால் அது வருமானத்தை அளக்கவே இல்லை. மக்கள் செய்யும் செலவை அளக்கிறது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்று பார்க்க, அமெரிக்கப் பொருளியலாளர் மேக்ஸ் லாரன்ஸ் 1905இல் வரைந்து காட்டிய வளைகோட்டிலிருந்து தொடங்குவோம். மக்களை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசைப்படுத்தி, கிடை அச்சில் மக்கள்தொகையின் சதவீதத்தையும் குத்து அச்சில் அவர்கள் கையிலுள்ள மொத்த வருமானத்தின் சதவீதத்தையும் குறிக்க வேண்டும். எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தால் மூலைவிட்டமாக ஒரு நேர்கோடு வரும். ஏற்றத்தாழ்வு கூடக்கூட வளைகோடு அதற்குக் கீழே தொய்யும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பரப்பை, நேர்கோட்டுக்குக் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது கினி கெழு. அதை நூறால் பெருக்கியும் சொல்வதுண்டு.

ஐந்து குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் முறையே 10, 15, 20, 30, 125 ஆயிரம் ரூபாய். மொத்தம் இரண்டு லட்சம். அடியிலுள்ள முதல் குடும்பத்துக்கு அதில் 5 சதவீதம், முதல் இரண்டுக்கும் சேர்த்து 12.5, மூன்றுக்கு 22.5, நான்குக்கு 37.5. இந்தப் புள்ளிகளை இணைத்துப் பரப்பைக் கணக்கிட்டால் கினி 49.

அதே குடும்பங்களின் செலவைப் பாருங்கள். முதல் குடும்பம் பத்தாயிரத்தையும் செலவழித்துவிடுகிறது, வேறு வழியில்லை. அடுத்தவை 14, 18, 23 ஆயிரம். ஐந்தாவது குடும்பம் தாராளமாகச் செலவழித்தும் 35 ஆயிரத்தைத் தாண்டவில்லை. மீதி 90 ஆயிரம் பங்குகளாகவும் நிலமாகவும் மாறுகிறது. இப்போது கணக்கிட்டால் கினி ஏறத்தாழ 24. யாருடைய வருமானமும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. பாதி ஏற்றத்தாழ்வு காகிதத்தில் மட்டும் மறைந்துவிட்டது. மறைந்த பாதி சேமிப்பில் இருக்கிறது. அடுத்த தலைமுறையின் செல்வமும் அதிகாரமும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. அதை விட்டுவிட்டுச் சமத்துவம் பேசுவது நேர்மையல்ல.

அமெரிக்காவின் 41.8 வருமானத்தில் அளந்தது, நம்முடைய 25.5 செலவில் அளந்தது. இரண்டையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தியதில்தான் நான்காம் இடம் பிறந்தது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இந்த எண்கள் வீடு வீடாகக் கேட்டுத் திரட்டும் கணக்கெடுப்பிலிருந்து வருபவை. பெரும் பணக்காரர் வீட்டுக் கதவு கணக்கெடுப்பாளருக்கு எளிதில் திறப்பதில்லை. நம் ஐந்தில் அந்த ஒரு வீடு மட்டும் விடுபட்டுப்போனால், மற்ற நான்கு வருமானங்களை வைத்துக் கணக்கிடும் கினி 49இலிருந்து 22க்கு விழுந்துவிடும். உச்சியில் ஒரு சிலர் விடுபடுவது சிறு பிழைபோலத் தோன்றலாம். ஏற்றத்தாழ்வைப் பொறுத்தவரை அதுதான் பெரும்பிழை.

இந்தக் குறைகளை உலக வங்கி மறைக்கவும் இல்லை. 25.5 இடம்பெற்ற அதே குறிப்பில், தரவுக் குறைபாடுகளால் ஏற்றத்தாழ்வு குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி இந்தியாவின் வருமானக் கினி 2004இல் 52ஆக இருந்து 2023இல் 62ஆக உயர்ந்ததையும் பக்கத்திலேயே சொல்கிறது. வரித் தரவுகளையும் சேர்த்துச் செய்த அந்த மதிப்பீட்டிலும் அனுமானங்கள் உண்டு. அதைப் பற்றி வாதிடலாம். ஆனால் ஒரே ஆவணத்திலிருந்து ஒரு வரியை எடுத்துக்கொண்டு அடுத்த வரியை விட்டுவிடுவதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

சரியான கினியே கிடைத்தாலும் அதோடு நிற்கக்கூடாது. பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லாமல், மறுபாதியினர் முழுவதையும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் ஊரின் கினி 50. முக்கால்வாசிப் பேர் கால்பங்கையும் மீதிக் கால்வாசிப் பேர் முக்கால் பங்கையும் தங்களுக்குள் சமமாகப் பகிரும் ஊரின் கினியும் 50தான். முதல் ஊரில் பாதிப் பேர் பட்டினி. அதை எண் சொல்லாது. பாதித் தூரம் வரை தரையோடு ஒட்டிக் கிடக்கும் வளைகோடு சொல்லும்.

வீட்டு வருமானத்தையே நாடு முழுவதும் கணக்கெடுக்கப்போவதாகப் புள்ளியியல் அமைச்சகம் 2025இல் அறிவித்தது. அத்தகைய கணக்கெடுப்பு முறையாக முடிந்து, உச்சியில் இருப்பவர்களின் வருமான வரித் தரவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட வேண்டும். அதுவரை இந்திய வருமானச் சமத்துவத்துக்கு நான்காம் இடம் என்று சொல்ல எவருக்கும் ஆதாரமில்லை. அரசு அந்தக் கூற்றைத் திரும்பப் பெற வேண்டும்.