தூத்துக்குடி டு உக்கடம்: ராத்திரி முழுக்க மீனைக் காப்பாற்ற ஒரு பெட்டிக்கு எவ்வளவு ஐஸ் வேண்டும்?

"ஏனுங்க, இது இன்னைக்கு மீனுங்களா?" கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டில் தினமும் காலையில் கேட்கும் கேள்வி இது. "ஆமாங்க, இப்பத்தான் லாரில இறங்குச்சு" என்ற பதில் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் லாரி எப்போது வந்தது என்பதை வைத்து மீன் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பிடித்த நேரத்தில் இருந்து கடைக்கு வரும் வரை அந்த மீன் எத்தனை மணி நேரம் ஐஸில் இருந்தது, எத்தனை மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது என்பதுதான் கணக்கு.

கோவை, திருப்பூர், பொள்ளாச்சி என்று கொங்கு பகுதி முழுக்கக் கடல் மீன் வெளியில் இருந்துதான் வர வேண்டும். ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் இருந்தும், கேரளத்தில் கொச்சி பக்கம் இருந்தும் ராத்திரியோடு ராத்திரியாக வண்டிகள் வருகின்றன. கொச்சி என்றால் சுமார் 190 கிலோமீட்டர். தூத்துக்குடி என்றால் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். இந்தத் தூரத்தில் மீனுக்கு என்ன ஆகிறது?

மீன் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

மீன் செத்தவுடன் அதன் குடலில் இருக்கும் செரிமானச் சுரப்புகள் சதையையே கரைக்க ஆரம்பிக்கும். தோலிலும் செவுளிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் உள்ளே பரவும். இந்த இரண்டு வேலையையும் வேகப்படுத்துவது சூடு.

மீன் பதப்படுத்தும் துறையில் இதற்கு ஒரு தோராயமான கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐஸில், அதாவது 0 டிகிரியில் மீன் கெடும் வேகத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், 10 டிகிரியில் அது நான்கு மடங்கு. 20 டிகிரியில் ஒன்பது மடங்கு. 30 டிகிரியில் பதினாறு மடங்கு.

இதைப் படகில் வைத்துப் பாருங்கள். காலை 10 மணிக்கு வலையில் ஏறிய மீன், மதியம் 3 மணி வரை வெயிலில் தளத்திலேயே கிடந்தால் ஐந்து மணி நேரம்தான் போனது போலத் தெரியும். ஆனால் அது ஐஸில் 80 மணி நேரம் இருந்ததற்குச் சமம். ஐஸில் வைத்திருந்தால் மூன்று நாளைக்கு மேல் தாங்கியிருக்கும் ஆயுள், அந்த ஒரு மதியத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் போனது திரும்பி வராது. ஐஸ் மீனைப் புதுசாக்காது. இருக்கிற நிலையில் இருந்து மேலும் கெடுவதை மெதுவாக்கும், அவ்வளவுதான்.

ஒரு பெட்டியின் ராத்திரிப் பயணம்

தூத்துக்குடி விசைப்படகுகள் விடியும் முன் கடலுக்குப் போய் அன்று இரவே கரை திரும்பும் வழக்கம் உள்ளவை. இரவு 9 மணிக்குப் படகு வருகிறது, ஏலம் முடிகிறது, 10 மணிக்கு மீன் தெர்மாகோல் பெட்டியில் அடைக்கப்பட்டு வண்டி ஏறுகிறது, காலை 6 மணிக்கு உக்கடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எட்டு மணி நேரப் பயணம்.

பெட்டி இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், சுவர் ஓர் அங்குலக் கனம். உள்ளே 25 கிலோ மீன். இந்தப் பெட்டியில் ஐஸுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை, மீனில் ஏற்கெனவே இருக்கும் சூட்டை இறக்குவது. 100 கிலோ மீனை 30 டிகிரியில் இருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 30 கிலோ ஐஸ் உருக வேண்டும். அப்படியானால் 25 கிலோ மீனுக்கு ஏறக்குறைய 8 கிலோ.

இரண்டாவது வேலை, வெளியில் இருந்து பெட்டிக்குள் புகும் சூட்டைச் சமாளிப்பது. இந்த அளவுப் பெட்டியில், வெளியே 30 டிகிரி இருந்தால், மணிக்குச் சுமார் 600 கிராம் ஐஸ் உருகும். எட்டு மணி நேரத்துக்கு 5 கிலோ.

ஆக, சூடாக ஏறிய மீனுக்கு 13 கிலோ ஐஸ் உக்கடம் வருவதற்குள்ளேயே போய்விடும். காசு மிச்சம் பிடிக்க 10 கிலோ மட்டும் போட்டால் என்ன ஆகும்? 8 கிலோ மீனைக் குளிர வைக்கவே தீர்ந்துவிடும். மிச்சம் இரண்டு கிலோ மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். ராத்திரி 1 மணிவாக்கில், வண்டி மதுரையைத் தாண்டும்போதே பெட்டியில் ஐஸ் இருக்காது. அதற்கப்புறம் மணிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் சூடு ஏறி, உக்கடத்தில் மூடியைத் திறக்கும்போது மீன் 10 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதாவது ஐஸில் இருக்கும் மீனைவிட நான்கு மடங்கு வேகத்தில் கெட்டுக்கொண்டிருக்கும்.

இதே 10 கிலோ ஐஸ் இன்னொரு பெட்டியில் தாராளமாகப் போதும். அந்த மீன் படகிலேயே ஐஸில் போடப்பட்டு, ஏல இடத்தில் வெறும் தரையில் கொட்டாமல், குளிர்ச்சியோடு பெட்டிக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு முதல் வேலையே கிடையாது. பயணத்துக்கு 5 கிலோ போனால் மீதி 5 கிலோ மார்க்கெட்டில் திறக்கும்போதும் அப்படியே இருக்கும்.

இதனால்தான் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற அளவைப் பரிந்துரைக்கிறார்கள். 25 கிலோ மீனுக்கு 25 கிலோ ஐஸ் போட்டால், மீன் சூடாக ஏறியிருந்தாலும் காலையில் 12 கிலோ மிச்சம் இருக்கும். வண்டி லேட்டானாலும், ஏலம் இழுத்தாலும் அது தாங்கும்.

பிறகு ஏன் எல்லாரும் அப்படிப் போடுவதில்லை?

இடம்தான் பிரச்சினை. உடைத்த ஐஸ் துண்டுகளுக்கு நடுவே காற்று நிற்பதால், 25 கிலோ ஐஸ் ஏறக்குறைய 45 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். அதாவது பெட்டியின் பாதிக்கு மேல் ஐஸே இருக்கும். வண்டி வாடகை பெட்டிக்கு இவ்வளவு என்று இருக்கும்போது, ஐஸைக் குறைத்து மீனைக் கூட்டினால் கிலோவுக்கு ஆகும் செலவு குறையும். அந்தக் கணக்கில் மிச்சமாகும் ரூபாய், காலையில் மீன் விலை இறங்கும்போது நஷ்டமாகத் திரும்பி வரும். ஆனால் அந்த நஷ்டம் பெட்டியை அடைத்தவருக்கு இல்லை. உக்கடத்தில் வாங்கி விற்பவருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கும்தான்.

அடைக்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. ஐஸ் பாரைப் பெரிய பெரிய துண்டாக உடைத்துப் போட்டால் மீனை அது அங்கங்கே மட்டும்தான் தொடும், கூர்மையான முனை தோலையும் கிழிக்கும். பொடியாக உடைத்து, அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே ஒரு அடுக்கு மீன், மறுபடியும் ஐஸ் என்று அடுக்கினால்தான் எல்லா மீனும் ஒரே மாதிரி குளிரும். ஐஸை மேலே மட்டும் கொட்டினால், நடுவில் இருக்கும் மீன் மணிக்கணக்கில் சூடாகவே கிடக்கும். உருகிய தண்ணீர் மீனைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குவது நல்லது. ஆனால் ரத்தத்தோடு அடியிலேயே தேங்கினால் கீழ் அடுக்கு மீன் ஊறி, வெளுத்து, வாடை அடிக்கும். கனமான இன்சுலேட்டட் பெட்டிகளில் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வைத்திருப்பது அதற்காகத்தான்.

தடைக்காலத்தில் நிலைமை ஏன் மாறுகிறது?

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது கோவைக்குக் கேரள மீன்தான் பெரிய ஆதரவு. கேரளத்தில் டிராலர்களுக்கு ஜூன் 9 நள்ளிரவில் இருந்து ஜூலை 31 வரை தடை. அதனால் ஜூன் இரண்டாவது வாரத்தில் சில நாட்கள் இரண்டு பக்கமும் மூடியிருக்கும். நாட்டுப்படகு மீனும், ஃப்ரீசரில் இருந்த மீனும், அணை மீனும்தான் கைகொடுக்கும். அதற்குப் பிறகு ஜூலை கடைசி வரை, பக்கத்துக் கொச்சியை விட்டுவிட்டுத் தூரத்துக் கிழக்குக் கரையை அதிகம் நம்ப வேண்டும். தூரம் கூடினால் ஐஸும் கூட வேண்டும். வரத்து குறைந்து விலை ஏறும் நேரத்தில்தான் பழைய மீனை ஓட்டிவிடும் ஆசையும் வரும்.

அந்த ஆசையின் மோசமான வடிவம் ஃபார்மலின். 2018 ஜூன் மாதத்தில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் நடத்திய சோதனையில், கோவைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வாளையார் சோதனைச்சாவடியிலும், ஆரியங்காவிலும் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. பிணத்தைப் பதப்படுத்தும் ரசாயனம் அது. மீனில் போட அனுமதியே இல்லை. ஐஸ் செய்ய வேண்டிய வேலையை ஐஸ் இல்லாமலேயே செய்ததுபோலக் காட்டத்தான் அதைத் தெளிக்கிறார்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைப் பட்டை, மீன் மேல் தேய்த்துச் சில நிமிடங்களில் ஃபார்மலின் இருக்கிறதா என்று நிறத்தில் காட்டும்.

மத்தி, அயிலை, சூரை வாங்கும்போது கூடுதல் கவனம் ஏன்?

இந்த மூன்றும் சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். பலரும் இதை 'மீன் அலர்ஜி' என்று நினைத்துவிடுகிறார்கள். குழம்பில் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. அது உண்டாகாமல் தடுக்கும் ஒரே வழி, பிடித்ததில் இருந்து மீனைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மீனைப் பார்க்காமல் பெட்டியைப் பாருங்கள். லாரியில் இருந்து இறங்கிய பெட்டியைத் திறக்கும்போது ஐஸ் துண்டுகள் இன்னும் இருக்கின்றனவா? வெறும் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் ஐஸ் வழியிலேயே தீர்ந்துவிட்டது. இப்போது மேலே புதுசாகக் கொட்டிய ஐஸை வைத்து ஏமாற வேண்டாம்.

அடுத்து, பெட்டியின் நடுவில் இருக்கும் மீனைத் தொட்டுப் பாருங்கள். கை சில்லிட வேண்டும். கண் புடைத்துத் தெளிவாக, செவுள் சிவப்பாக, அழுத்தினால் சதை உடனே திரும்புவதாக இருக்க வேண்டும். சதை விறைப்பாக இருந்தும், கண் குழிந்து, மீன் வாடையே இல்லாமல், ஈயும் உட்காராமல் இருந்தால் சந்தேகப்படலாம்.

வாங்கிய பிறகு பொறுப்பு வாங்கியவருக்கு மாறுகிறது. உக்கடத்தில் வாங்கி, பைக்கில் மாட்டி, வழியில் காய்கறியும் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போனால், ராத்திரி முழுக்க ஐஸ் காப்பாற்றியதில் பாதி நாளுக்கு மேல் அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடும். வெட்டி வாங்கும்போதே இரண்டு கை ஐஸ் போடச் சொல்லுங்கள். அதற்குக் கடைக்காரர்கள் பெரும்பாலும் காசு கேட்பதில்லை.