கப்பல் வேலைக்குக் காசு கேட்டால்



வெள்ளவத்தையில் என் பக்கத்து வீட்டு அக்கா, தாலிக்கொடியை அடகு வைக்கப் புறப்பட்டார். மகனுக்குக் கப்பலில் வேலை எடுத்துத் தருவதாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு முகவர் 3 இலட்சம் ரூபா கேட்டாராம்.

"பொறுங்கோ அக்கா, முதலில் அனுமதிப்பத்திரத்தைப் பார்ப்போம்" என்றேன். முகவர் காட்டியது வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கான பத்திரம். கப்பலுக்கு ஆள் சேர்க்க அனுமதி வழங்குவது கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகம். அங்கே விசாரித்தோம், அவருடைய பெயர் இல்லை.

இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி, வேலை தேடித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கடவுச்சீட்டு, மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டுமே எங்களுடையது. விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது.

முறையான முகவர் கிடைத்தாலும் ஒப்பந்தத்தை வாசியுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மேலதிக நேரத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். எத்தனை மாதம் என்ற இடம் வெறுமையாக இருந்தால் கையெழுத்து வைக்க வேண்டாம். 12 மாதம் நிறையுமுன் உரிமையாளரின் செலவில் ஊர் திரும்ப மாலுமிக்கு உரிமை உண்டு. இருவரும் கையெழுத்திட்ட மூலப்பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

அக்காவின் தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கிறது. மகன் இப்போது செயலகத்தின் பட்டியலில் உள்ள முகவரிடம் விண்ணப்பித்திருக்கிறான்.